அளவு கொடுத்து இணையத்தில் தைத்த சட்டை: 'திருப்பி எடுக்க மாட்டோம்' என்றால் எதை வைத்துப் பேசுவது?

ஒருவர் அளவுக்கென்றே வெட்டித் தைத்த சட்டையைக் கடை திரும்ப வாங்கினால் அதை வேறு யாருக்கும் விற்க முடியாது. அதனால்தான் அளவு கொடுத்துத் தைக்கும் இணையக் கடைகள் பெரும்பாலும் 'ரிட்டர்ன் கிடையாது' என்று முன்கூட்டியே எழுதிவைத்திருக்கின்றன. இதில் நியாயம் இருக்கிறது. தகராறு வருவது வேறோர் இடத்தில். 'பொருந்தவில்லை' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன. ஒப்புக்கொண்ட அளவில் கடை தைக்காமல் விட்டிருக்கலாம். அல்லது ஒப்புக்கொண்ட அளவிலேயே தைத்திருந்தும், அந்த அளவே அந்த உடம்புக்கு ஒத்துவராமல் இருக்கலாம். முதலாவது கடையின் தவறு. இரண்டாவது பெரும்பாலும் வாங்கியவர் தலையில்தான் விழும்.

இந்த இரண்டையும் பிரிக்காமல் 'டைட்டா இருக்கு, சரியில்ல' என்று மட்டும் எழுதினால், 'நீங்கள் கொடுத்த அளவுதான்' என்ற ஒரு வரிப் பதிலோடு பேச்சு முடிந்துவிடும். பிரித்துப் பேசுவதற்குக் கையில் ஒரு அளவுத்தாள் வேண்டும். அந்தத் தாளை எப்படித் தயாரிப்பது, சட்டை வந்ததும் அதோடு எப்படி ஒப்பிடுவது என்பதை ஒரு முழுக்கைச் சட்டையை வைத்துப் பார்க்கலாம். சுடிதார் டாப், பேன்ட், கோட் எல்லாவற்றுக்கும் முறை இதேதான். எண்கள் மட்டும் மாறும்.

உடம்பு அளவா, சட்டை அளவா

இணையத்தில் தைக்கக் கொடுத்துக் கெட்டுப்போகும் சட்டைகளில் நிறைய, துணியில் கத்தரி படுவதற்கு முன்பே கெட்டுவிடுகின்றன. படிவத்தில் 'மார்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே உடம்பின் சுற்றளவை எழுத வேண்டுமா, தைத்து முடித்த சட்டையின் சுற்றளவை எழுத வேண்டுமா என்பது பல படிவங்களில் தெளிவாக இருக்காது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. மார்பு 100 செ.மீ. உள்ள ஒருவருக்கு உடம்போடு ஒட்டிய மாதிரி தைத்தாலும் 8 முதல் 10 செ.மீ. லூஸ் விட வேண்டும். சாதாரணமாகத் தைத்தால் 12 முதல் 15 செ.மீ. வரை விடுவார்கள். ஆக, அவருக்கு வேண்டிய சட்டையின் மார்புச் சுற்றளவு 108 முதல் 115 செ.மீ. வரை. கழுத்துக்கு 1 முதல் 1.5 செ.மீ. போதும். மணிக்கட்டு 17 செ.மீ. என்றால் பட்டன் போட்ட கஃப் 22 அல்லது 23 செ.மீ. இருக்கும்.

இப்போது குழப்பம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். படிவம் உடம்பு அளவைக் கேட்கிறது. வாங்குபவரோ பிடித்த சட்டையை அளந்து 110 என்று எழுதுகிறார். கடை அதன்மேல் 10 செ.மீ. லூஸ் சேர்த்து 120-இல் வெட்டும். வந்து சேரும் சட்டை தொளதொளவென்று இருக்கும். இதையே திருப்பிப் போட்டால், சட்டை அளவைக் கேட்ட இடத்தில் உடம்பின் 100 போய் உட்காரும். அந்தச் சட்டையில் பட்டனே போட முடியாது. இரண்டிலும் கடை தன் கணக்குப்படி சரியாகத் தைத்திருக்கும், வாங்கியவரும் சரியாகத்தான் அளந்திருப்பார். என் கருத்தில், தெளிவில்லாத படிவத்தைக் கொடுத்த கடைக்கு இதில் பாதிப் பொறுப்பு உண்டு. ஆனால் கட்டத்தின் பக்கத்தில் எங்காவது சின்ன எழுத்தில் 'உடம்பு அளவு' என்று இருந்தால் கடை அதைத்தான் காட்டும்.

இன்ச், செ.மீ. குழப்பமும் இதே வகை. ஒரு இன்ச் 2.54 செ.மீ. என்பதால் முழுச் சட்டையும் மாறிப்போவது அரிது, கடைக்காரர் கண்ணிலேயே பட்டுவிடும். படாமல் தப்புவது கால், அரை, முக்கால்தான். பதினைந்தே முக்கால் இன்ச் கழுத்தை 15.3 என்று எழுதினால் அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவாகக் காலர் இறுகிவிடும். இன்ச்சில் எழுதுவதாக இருந்தால் 15.75 என்று எழுதுங்கள். முடிந்தால் எல்லாவற்றையும் செ.மீ.யிலேயே எழுதிவிடுங்கள்.

அளவுச் சட்டையே நல்ல சாட்சி

கடை இரண்டு வழியையும் அனுமதித்தால், உடம்பை அளப்பதைவிட நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையை அளந்து கொடுப்பதே மேல். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. உடம்பை அளக்கும்போது மூச்சு, நிற்கும் விதம், டேப்பை இழுத்த இழுப்பு என்று எல்லாமே எண்ணை மாற்றும். ஒரே ஆளை இரண்டு பேர் அளந்தால் மார்பில் 2 செ.மீ. வித்தியாசம் சுலபமாக வந்துவிடும். மேசைமேல் விரித்த சட்டையில் அந்த அளவு வித்தியாசம் வராது. இரண்டாவது காரணம்தான் தகராறுக்கு முக்கியம். வரப்போகும் புதுச் சட்டையையும் அதே மேசையில் அதே முறையில் அளக்கலாம், எண்ணுக்கு எண் ஒப்பிடலாம். உடம்பு அளவு கொடுத்திருந்தால், லூஸ் எவ்வளவு விட்டார்கள் என்பது கடைக்கு மட்டும்தான் தெரியும்.

அளவுச் சட்டையாக எடுப்பது பலமுறை துவைத்ததாக இருக்கட்டும். இனிச் சுருங்குவதற்கு அதில் ஒன்றும் இருக்காது. துணி நீளும் வகையாக இருக்கக் கூடாது. எலாஸ்டேன் கலந்த சட்டை குறைந்த லூஸிலேயே உடம்புக்கு இடம் கொடுக்கும். அதன் அளவில் நீளாத பருத்தியைத் தைத்தால் மூச்சு முட்டும்.

சட்டையைத் தேய்த்து, எல்லாப் பட்டனையும் போட்டு, கட்டிலில் அல்லாமல் கெட்டியான மேசையில் விரியுங்கள். கையால் சுருக்கத்தை நீவலாம், இழுக்கக் கூடாது. மார்பை, கையும் உடலும் சேரும் அக்குள் தையலுக்கு 2.5 செ.மீ. கீழே, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். தோளுக்குச் சட்டையைக் குப்புறப் போட்டு, மேல்தோளில் கை இணையும் தையலிலிருந்து எதிர்ப்பக்கத் தையல்வரை நேராக அளக்க வேண்டும். கை நீளம் அதே தோள் தையலிலிருந்து கஃப் முடியும் இடம்வரை. உயரத்தைப் பின்பக்கம் காலர் தைத்த கோட்டிலிருந்து கீழ் மடிப்புவரை எடுங்கள். காலரைப் பட்டனைக் கழற்றி நீளமாக விரித்து, பட்டன் நடுவிலிருந்து காஜாவின் நடுவரை. புஜத்தை அக்குளுக்கு 2.5 செ.மீ. கீழே, கையின் மடிப்புக்குக் குறுக்கே அளந்து இரண்டால் பெருக்குங்கள். ஒவ்வோர் அளவையும் இரண்டு முறை எடுங்கள். இரண்டும் அரை செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் மூன்றாம் முறையும் அளந்துவிடுவது நல்லது.

எண்ணை எழுதும்போது எங்கிருந்து எங்கே அளந்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். 'கை 62' என்பதைச் சில கடைகள் கழுத்தின் நடுவிலிருந்து எடுத்த அளவாகக் கணக்கில் கொள்வதுண்டு. 'தோள் தையலிலிருந்து கஃப் ஓரம்வரை 62' என்றால் யாராலும் வேறு மாதிரி படிக்க முடியாது.

எண்ணால் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. தோள் சரிந்திருப்பது, ஒரு தோள் தாழ்ந்திருப்பது, முதுகு சற்றுக் கூனியிருப்பது. இவையெல்லாம் டேப்பில் பதியாது. முன்னால், பக்கவாட்டில், பின்னால் என மூன்று படங்கள் எடுத்து அனுப்புங்கள். கேமரா மார்பு உயரத்தில், இரண்டரை மூன்று மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கீழிருந்தோ மேலிருந்தோ எடுத்தால் தோளின் சரிவு படத்தில் பொய்யாகத் தெரியும். 'வலது தோள் தாழ்வு, படத்தைப் பார்க்கவும்' என்று எழுத்திலும் ஒரு வரி சேர்க்கவும். அந்த வரி இல்லாவிட்டால், பிறகு கழுத்துப் பக்கம் சுருக்கம் விழும்போது கடை பொறுப்பேற்காது.

பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்க வேண்டியவை

ஆர்டரை உறுதி செய்யும் முன் கடையிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். தைத்து முடித்த சட்டையின் அளவுகள் என்ன? அந்த அளவுகள் துவைப்பதற்கு முன்னா, பின்னா? எந்த அளவில் எவ்வளவு கூடக் குறையலாம்?

முதல் கேள்விக்கு வரும் பதில்தான் முன்னே சொன்ன அளவுத்தாள். உடம்பு அளவு கொடுத்திருந்தாலும், 'மார்பு 110, தோள் 46, கை 62' என்று கடை தன் வாயால் சொல்லிவிட்டால் அதுவே ஒப்பந்தம். சில கடைகள் சொல்ல மறுக்கும். அப்படி மறுக்கும் கடையில் ரிட்டர்னும் கிடையாது என்றால், அங்கே கொடுக்காமல் இருப்பதே நல்லது. பிறகு சண்டை போடுவதற்குக் கையில் எதுவும் இருக்காது.

இரண்டாவது கேள்வி சுருக்கத்துக்காக. பருத்தித் துணி முதல் சில துவைப்பில் நீளவாக்கில் 2, 3 சதவீதம் சுருங்குவது சாதாரணம். 62 செ.மீ. கையில் 2 சதவீதம் என்றால் 1.2 செ.மீ., உயரம் 76 என்றால் 1.5 செ.மீ. வெட்டுவதற்கு முன் துணியை நனைத்துச் சுருக்கிய கடைகளும் உண்டு, வெட்டும்போதே சுருக்கத்துக்குச் சேர்த்து வெட்டும் கடைகளும் உண்டு. இரண்டும் செய்யாத கடையில் நாமே ஒரு சென்டிமீட்டர் கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். கடை ஏற்கெனவே கூட்டியிருந்து நாமும் கூட்டினால் கை நீண்டுவிடும். அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

மூன்றாவது, கையால் செய்யும் வேலைக்கு விட வேண்டிய இடம். கத்தரி, தையல், தேய்ப்பு மூன்றிலும் மில்லிமீட்டர்கள் நகரும். மார்புச் சுற்றில் 1 செ.மீ. அல்லது சற்று அதிகம், கை நீளத்திலும் உயரத்திலும் 1 செ.மீ., தோளிலும் காலரிலும் அரை செ.மீ. கூடக் குறைய இருந்தால் அது தையல் தவறு என்று வாதிடுவது வீண். தோளிலும் காலரிலும் மட்டும் ஏன் குறைவு என்றால், அங்கே ஒரு சென்டிமீட்டர் மாறினாலும் உடம்பில் உடனே தெரியும். கடை இதைவிட அதிகமாக, எல்லா அளவிலும் 2 செ.மீ. என்று எழுதியிருந்தால் அப்போதே பேரம் பேசுங்கள்.

ஒரே துணியில் மூன்று சட்டை எடுத்தால் தள்ளுபடி என்று கடை ஆசை காட்டும். முதல் ஆர்டரில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். முதல் சட்டையை இரண்டு முறை துவைத்து, போட்டுப் பார்த்து, அளவுத்தாளைத் திருத்திய பிறகு மீதியைக் கொடுக்கலாம்.

பார்சல் வந்ததும்

முதலில் போட்டுப் பார்க்கத்தான் கை போகும். ஆனால் அளந்து முடித்த பிறகு போடுவது நல்லது. துவைக்கவே கூடாது. துவைத்துவிட்டால் குறைந்த ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 'துவைத்ததில் சுருங்கியது' என்ற பதில் தயாராக இருக்கும், அதை மறுக்க நம்மிடம் ஒன்றும் இருக்காது. டேகை வெட்ட வேண்டாம், பக்கத்துத் தையல்கடையில் கொடுத்துப் பிடிக்கவோ விடவோ வேண்டாம். ஒரு தையலைப் பிரித்தாலும் அது கடையின் சட்டையாக இருக்காது.

அளவுச் சட்டையை அளந்த அதே மேசையில், அதே டேப்பால், அதே வரிசையில் அளந்து, ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். படத்தில் டேப்பின் இரண்டு முனையும், சட்டையின் இரண்டு ஓரமும் தெரிய வேண்டும். மேலிருந்து நேராக எடுங்கள். சாய்த்து எடுத்த படத்தில் 44, 45-ஆகத் தெரியலாம். அதற்குப் பிறகு போட்டுப் பார்த்து, கைகளைத் தொங்கவிட்டும், முன்னால் நீட்டியும் படங்கள் எடுங்கள். புகார் சொல்லக் கடை கொடுத்திருக்கும் கெடு பெரும்பாலும் சில நாள்கள்தான். இதையெல்லாம் பார்சல் வந்த அன்றோ மறுநாளோ முடித்துவிடுங்கள்.

ஒரு சட்டை, மூன்று எண்கள்

இப்படிப்பட்ட தகராறில் அடிக்கடி பார்க்கக் கிடைக்கும் நிலை ஒன்றை எண்களோடு பார்ப்போம். ஒப்புக்கொண்ட அளவுத்தாளில், துவைப்பதற்கு முந்தைய அளவாக, மார்பு 110, தோள் 46, கை 62 என்று இருக்கிறது. சட்டையைப் போட்டால் கஃப் மணிக்கட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது. கையை முன்னால் நீட்டினால் முதுகில் இழுக்கிறது. வாங்கியவர் எழுதுகிறார்: 'கை குட்டை, உடம்பு டைட்.' கடை தன்னிடம் உள்ள தரச்சோதனைக் குறிப்பைப் பார்த்து, 'கை 61.6, மார்பு 109.6, இரண்டும் சரி, ரிட்டர்ன் கிடையாது' என்கிறது. கடை சொல்வது முழு உண்மை. அந்த இரண்டு அளவுமே விட வேண்டிய இடத்துக்குள்தான் இருக்கின்றன.

வாங்கியவர் தோளை அளக்கவில்லை, ஏனென்றால் அவருக்குத் தொந்தரவு தோளில் இல்லை. அளந்திருந்தால் 44 என்று வந்திருக்கும். அதாவது 2 செ.மீ. குறைவு, பக்கத்துக்கு ஒன்று. கை தைக்கும் தையல் இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் கழுத்தை நோக்கி உள்ளே ஏறியிருக்கிறது. கையின் நீளம் சரியாக இருந்தும், அது தொடங்கும் இடம் மாறிவிட்டதால் கஃப் மணிக்கட்டில் 1 செ.மீ. மேலே போகிறது. கையில் குறைந்த 0.4 செ.மீ.யையும் சேர்த்தால் 1.4. தோள் குறுகும்போது அதோடு சேர்ந்து வெட்டப்படும் முதுகின் அகலமும் குறுகும். கையை நீட்டினால் முதுகில் இழுப்பது அதனால்தான், மார்புச் சுற்றளவால் அல்ல.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வலி தெரியும் இடத்தைச் சொல்கிறார்கள், காரணம் இருக்கும் இடத்தைச் சொல்வதில்லை. எல்லா அளவையும் எடுத்திருந்தால் கடிதம் இப்படி இருந்திருக்கும்:

'ஆர்டரை உறுதி செய்தபோது நீங்கள் அனுப்பிய அளவுத்தாளில் தோள் 46 செ.மீ. என்று உள்ளது. துவைக்காத சட்டையில் தோள் 44 செ.மீ. உள்ளது, படம் இணைத்துள்ளேன். நீங்கள் சொன்ன வரம்பு அரை செ.மீ. இதனால் கஃப் மேலேறுகிறது, முதுகில் இழுக்கிறது. மார்பும் கையும் வரம்புக்குள் உள்ளன, அவற்றைப் பற்றிப் புகார் இல்லை. தோளைத் தைத்த சட்டையில் விட முடியாது என்பதால், 46 செ.மீ. தோளுடன் மாற்றுச் சட்டை தைத்துத் தர வேண்டுகிறேன். இந்தச் சட்டையைத் திருப்பி அனுப்பத் தயார்.'

சரியாக உள்ளதைச் சரி என்று ஒப்புக்கொள்ளும் அந்த ஒரு வரி முக்கியம். அளவுகளை நேர்மையாக எடுத்திருக்கிறார் என்பது கடைக்கு அதில் தெரியும். வேறொன்றைப் பற்றிப் பேசி நழுவவும் அது இடம் கொடுக்காது.

எதைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது

கடை 'மாற்றுச் சட்டை வேண்டாம், ஆல்டர் செய்து தருகிறோம்' அல்லது 'உங்கள் ஊரில் ஆல்டர் செய்துகொள்ளுங்கள், கூலி கொடுக்கிறோம்' என்று சொல்லலாம். ஏற்பதற்கு முன், திருத்த முடியுமா என்று பாருங்கள்.

சட்டையைப் பிடிப்பது எளிது, விடுவதுதான் கடினம். பக்கத் தையலில் மார்பு, இடுப்பு லூஸைக் குறைக்கலாம். உயரத்தைக் குறைக்கலாம். கஃபைப் பிரித்துக் கையைச் சின்னதாக்கிக் கஃபைத் திரும்ப வைக்கலாம். ஆனால் நல்ல சட்டைகளின் பக்கத் தையல் ஒன்றன்மேல் ஒன்று மடித்துத் தைத்த இரட்டைத் தையல். உள்ளே மிச்சத் துணி ஏறக்குறைய இருக்காது. அதனால் மார்பைப் பெரிதாக்க வழியில்லை. காலரைப் பெரிதாக்க முடியாது, பட்டனை அரை செ.மீ. நகர்த்தலாம், அவ்வளவுதான். தோளை அகலப்படுத்த வேண்டுமானால் தோள் பட்டியையும் முதுகுத் துண்டையும் புதிதாக வெட்ட வேண்டும், அது புதுச் சட்டைக்குச் சமம். நம் எடுத்துக்காட்டில் கடை 'கையை ஒன்றரை செ.மீ. கூட்டித் தருகிறோம்' என்று சொன்னாலும், கஃப் இறங்குமே தவிர முதுகின் இழுப்பு அப்படியேதான் இருக்கும்.

கோட் மட்டும் விதிவிலக்கு. நல்ல தையல்காரர் கோட்டின் பக்கத் தையலிலும் கை முனையிலும் வேண்டுமென்றே கூடுதல் துணியை உள்ளே மடித்து விட்டிருப்பார். கோட் வந்தால் உள்துணியைத் தடவிப் பார்த்து, எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

அளவு கொடுக்கும்போது சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் சாய்வது என்பதும் இதிலேயே இருக்கிறது. மார்பிலும் கை நீளத்திலும் உயரத்திலும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள், பிறகு பிடித்துக்கொள்ளலாம். தோளில் மட்டும் ஊகம் வேண்டாம், அங்கே கூடினாலும் குறைந்தாலும் சிரமம்தான்.

அளவு சரி, ஆனாலும் பொருந்தவில்லை

எல்லா எண்ணும் தாளோடு ஒத்துப்போகிறது, ஆனாலும் சட்டை உடம்பில் உட்காரவில்லை என்றால் சுருக்கங்களைப் பாருங்கள். பட்டனிலிருந்து இரு பக்கமும் பெருக்கல் குறி போலக் கோடுகள் போனால் அந்த இடத்தில் லூஸ் போதவில்லை. கழுத்தடியிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாகத் துணி தொய்ந்தால் தோள் சரிவுக்கு ஏற்ப வெட்டவில்லை. பின்கழுத்தில் காலருக்குக் கீழே குறுக்கே ஒரு மடிப்பு உருண்டால், தோள் நிமிர்ந்தவருக்குச் சரிந்த தோளின் வெட்டு போடப்பட்டிருக்கிறது. கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் மேலே வந்தால், அக்குள் வளைவு மிகக் கீழே இறங்கியிருக்கிறது. சட்டையைப் பெரிதாக்கினால் இது தீராது, இன்னும் மோசமாகும்.

இவற்றில் நீங்கள் முன்கூட்டி அனுப்பிய படத்திலும் எழுத்திலும் இருந்ததைக் கடை கவனிக்கவில்லை என்றால் அது கடையின் குறை, அப்படியே கேளுங்கள். சொல்லாமல் விட்ட ஒன்றென்றால் உரிமை பேசிப் பயனில்லை. 'அடுத்த சட்டைக்குத் தள்ளுபடி கொடுங்கள், வெட்டைத் திருத்திக்கொள்வோம்' என்று கேட்டால் பல கடைகள் ஒத்துக்கொள்ளும். அவர்களுக்கும் ஒரு வாடிக்கையாளரின் சரியான வெட்டு கையில் இருப்பது லாபம்.

மார்பும் இடுப்பும் ஒன்றுபோல 8, 10 செ.மீ. கூடியோ குறைந்தோ இருந்து, தோளும் கை நீளமும் சரியாக இருந்தால், அது முதலில் சொன்ன உடம்பு அளவு, சட்டை அளவுக் குழப்பம். படிவத்தின் அந்தப் பக்கத்தைப் படமாக எடுத்து வையுங்கள். கட்டம் எந்த அளவைக் கேட்டது என்பதில்தான் பேச்சு நிற்கும்.

சட்டம் எந்தப் பக்கம்

'ரிட்டர்ன் கிடையாது' என்ற வரி எதை மூடுகிறது, எதை மூடாது என்பதில் பல நாட்டுச் சட்டங்களும் ஏறத்தாழ ஒரே கோட்டில்தான் நிற்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011/83 நுகர்வோர் உரிமை நெறிமுறை, இணையத்தில் வாங்கியதைக் காரணம் சொல்லாமல் 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமையைத் தருகிறது. வாங்குபவரின் குறிப்புப்படி செய்த பொருளுக்கு அதன் 16-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. கடை இன்னும் வேலையைத் தொடங்கவில்லை என்பது கூட இந்த விலக்கை நீக்காது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020-இல், அளவெடுத்துச் செய்யும் சமையலறை அலமாரி வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. ஆர்டர் போட்ட மறுநாள் மனம் மாறினாலும் சட்டம் உதவாது என்பது இதன் பொருள்.

ஆனால் விலக்கு மனம் மாறியதற்கு மட்டும்தான். ஒப்புக்கொண்டபடி பொருள் இல்லை என்றால் 2019/771 நெறிமுறை தனியாக வேலை செய்கிறது. அதன்படி முதலில் சரிசெய்யவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அது நடக்காவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். பிரிட்டனில் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் கீழ், சொன்னபடி இல்லாத பொருளை 30 நாளுக்குள் நிராகரிக்கலாம், தைத்த சட்டையும் இதில் அடக்கம். இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறையாக வைத்திருக்கிறது. எல்லா இடத்திலும் 'சொன்னபடி இல்லை' என்பதை வாங்கியவர் காட்டியாக வேண்டும். தோள் 46 என்ற தாளும் 44 என்ற படமும் இல்லாமல் அதைக் காட்ட முடியாது.

கடை பதிலே சொல்லாவிட்டால், கார்டில் கட்டிய பணத்துக்கு வங்கி மூலம் 'சொன்னபடி பொருள் இல்லை' என்று முறையிடலாம். வங்கி இரண்டைப் பார்க்கும்: கடையிடம் முதலில் கேட்டீர்களா, பொருளைத் திருப்பித் தர முன்வந்தீர்களா. கடிதத்தின் கடைசி வரியில் 'திருப்பி அனுப்பத் தயார்' என்று எழுதச் சொன்னது இதற்காகவும்தான். சட்டையைத் தொடர்ந்து உடுத்திக்கொண்டிருந்தால் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

மாற்றுச் சட்டைக்குக் கடை ஒத்துக்கொண்டால், திருத்திய அளவுத்தாளை முழுவதுமாகத் திரும்ப வாங்குங்கள், 'தோளை மட்டும் மாற்றினோம்' என்ற செய்தி போதாது. தோளை 2 செ.மீ. கூட்டும்போது அக்குள் வளைவும் அதில் பொருந்தும் கையின் மேல்வளைவும் சேர்ந்து மாற வேண்டும். அதைப் பார்க்காமல் வெட்டினால் இந்த முறை புஜம் இறுகிவிடும். அதனால் இரண்டாம் சட்டை வந்ததும் தோளோடு நிற்காமல் புஜம், மார்பு, கை என்று எல்லாவற்றையும் துவைப்பதற்கு முன் மறுபடி அளந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள்.